23 வரியிலிருந்து 6 வரிக்கு: ஒரு மாவு யூனிட்டின் ஸ்வாட் ஸ்லைடை மாற்றி எழுதிய கதை

கோவையின் வடக்குப் பக்கம் ஒரு குடும்பம் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறது. அக்கா அரைவையைப் பார்த்துக்கொள்கிறார், அவர் கணவர் குட்டியானை வண்டியில் டெலிவரி போகிறார், பி.பி.ஏ. படிக்கும் மகன் கணக்கு எழுதுகிறான். ஒரு நாளைக்குச் சராசரியாக 420 கிலோ மாவு. அதில் 340 கிலோ ஒரு கிலோ பாக்கெட்டாக 62 மளிகைக் கடைகளுக்குப் போகிறது. மீதி 80 கிலோ வாளியில் மூன்று ஹோட்டல்களுக்கும் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸுக்கும் போகிறது. சிறு தொழில்களுக்குக் கணக்கும் புராஜெக்ட் ரிப்போர்ட்டும் எழுதிக் கொடுப்பது என் வேலை. அக்கா என்னைக் கூப்பிட்டது ஒரு ஸ்லைடுக்காக.

புது கிரைண்டரும் அதோடு ஒரு குளிர்பெட்டியும் வாங்க 6 லட்சம் தேவைப்பட்டது. வங்கிக் கடன்தான், ஆனால் அக்காவின் பெரியண்ணன் ஜாமீன் நிற்க வேண்டும். "வருசக் கணக்கை ஒரு தடவை உக்காந்து பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த உட்காரலுக்காக மகன் கல்லூரியில் கற்றுக்கொண்டபடி ஒரு ஸ்வாட் ஸ்லைடு செய்து வைத்திருந்தான். நான்கு கட்டம், நான்கு நிறம், மொத்தம் 23 வரிகள்.

பலம் என்ற கட்டத்தில் தரமான பொருள், நியாயமான விலை, அனுபவமுள்ள பணியாளர்கள், வாடிக்கையாளர் நம்பிக்கை, காலை மாலை டெலிவரி என்று ஏழு வரிகள். பலவீனத்தில் குறைந்த முதலீடு, விளம்பரம் இல்லை, ரிட்டர்ன் பிரச்சினை, பணம் வரத் தாமதம் என்று ஐந்து. வாய்ப்பில் ஆன்லைன் விற்பனை, புதிய ஏரியாக்கள், பி.ஜி. ஹாஸ்டல்கள், ராகி மாவு, கம்பு மாவு என்று ஆறு. அச்சுறுத்தலில் போட்டி, விலைவாசி உயர்வு, பெரிய கம்பெனி ஃபிரிட்ஜ், மின்வெட்டு, மாறும் மக்கள் ரசனை என்று ஐந்து.

ஒரு வரி கூடப் பொய் இல்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இதுதான்: "எல்லாம் சரிதானுங்க. ஆனா இதைப் பார்த்து கிரைண்டர் வாங்கறதா வேண்டாமான்னு எங்கண்ணன் எப்படிச் சொல்லுவாரு?"

இது அந்தப் பையனின் தவறு மட்டும் இல்லை. பிரிட்டனில் டெர்ரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 20 நிறுவனங்களில் செய்யப்பட்ட ஸ்வாட்களை எடுத்துப் பார்த்து 1997-ல் எழுதினார்கள். பெரும்பாலும் தொழில்முறை ஆலோசகர்கள் செய்து கொடுத்தவை அவை. சராசரியாக 40-க்கும் மேற்பட்ட அம்சங்கள், எது முக்கியம் என்ற வரிசை இல்லை, உண்மையா என்று சரிபார்த்த தடம் இல்லை, அடுத்த கட்ட வேலையில் யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தவும் இல்லை. சம்பளம் வாங்கும் ஆலோசகர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் ஸ்லைடின் தலைப்பை மாற்றினோம். "ஸ்வாட் பகுப்பாய்வு" என்று இருந்ததை அழித்துவிட்டு, "6 லட்சத்துக்கு கிரைண்டர் இந்த வருடம் வாங்கலாமா?" என்று எழுதச் சொன்னேன். தலைப்பில் ஒரு கேள்வி நின்றால் கீழே வரும் ஒவ்வொரு வரியும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மாறும் மக்கள் ரசனை இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கமும் பதில் சொல்லாது, அதனால் அது தானாகவே வெளியே போனது.

அடுத்து ஒவ்வொரு வரியையும் மகனைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஒரு நிபந்தனை வைத்தேன்: நம் பெயருக்குப் பதிலாக இரண்டு தெரு தள்ளி மாவு அரைப்பவரின் பெயரைப் போட்டுப் படிக்க வேண்டும். அவருக்கும் அந்த வரி அப்படியே பொருந்தினால் எடுத்துவிட வேண்டும். தரமான பொருள் அவருக்கும் பொருந்தியது. நியாயமான விலை, வாடிக்கையாளர் நம்பிக்கை, விளம்பரம் இல்லை, எல்லாம் பொருந்தின. 23-ல் 17 போய்விட்டன. தரம் என்ற வரி போனபோது அக்கா முகம் வாடியது. அவர் மாவு உண்மையிலேயே நல்ல மாவு. ஆனால் அந்தத் தரம் கணக்கில் எங்கே தெரிகிறது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. காட்ட முடிகிற நாளில் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

தேறிய ஆறும் அரைகுறையாகத்தான் இருந்தன: காலை மாலை டெலிவரி, ரிட்டர்ன் பிரச்சினை, பணம் வரத் தாமதம், பி.ஜி. ஹாஸ்டல்கள், பெரிய கம்பெனி ஃபிரிட்ஜ், விலைவாசி உயர்வு. கடைசியாகச் சொன்னது உண்மையில் எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் அதற்குள் உளுந்து என்ற குறிப்பான விஷயம் ஒளிந்திருந்ததால் விட்டு வைத்தேன். இனி இவற்றுக்கு எண் தேட வேண்டும், அதற்குக் கணக்குப் புத்தகத்துக்குள் போக வேண்டும்.

ரிட்டர்னில் தொடங்கினோம், அதிக நேரம் போனதும் அதில்தான். எவ்வளவு திரும்பி வருகிறது என்று கேட்டேன். "நூத்துக்கு மூணு நாலு இருக்குமுங்க" என்றார் அண்ணன், அதாவது அக்காவின் கணவர். நோட்டில் தினமும் மொத்த ரிட்டர்ன் எண் மட்டும் இருந்தது, எந்தக் கடையிலிருந்து என்று இல்லை. ஆனால் டெலிவரி பில் புத்தகத்தின் கார்பன் பிரதியில் இருந்தது. ஒவ்வொரு கடையிலும் பழைய பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அதைக் கழித்துத்தான் பில் போடுகிறார்கள். சிறு தொழில்களில் நமக்கு வேண்டிய எண் பெரும்பாலும் இப்படி வேறு ஏதோ வேலைக்காக எழுதிய காகிதத்தில்தான் கிடக்கும். ஜூலை மாதத்தின் 28 நாள் பில்களை மகன் ஒரு ஷீட்டில் ஏற்றினான். ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் கடை, சி-யில் போட்ட பாக்கெட், டி-யில் திரும்பியது. கடைவாரியாக விகிதம் எடுக்க இந்த ஒரு வரி போதும்:

```
=SUMIFS(D:D,B:B,G2)/SUMIFS(C:C,B:B,G2)
```

ஜி நெடுவரிசையில் 62 கடைகளின் பெயரையும் ஒரு முறை எழுதி, இந்த வரியைக் கீழே இழுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினோம். கடைப் பெயரை ஒரு நாள் ஒரு மாதிரியும் இன்னொரு நாள் வேறு மாதிரியும் எழுதியிருந்தால் கணக்கு தப்பாகும். அதனால் ஏற்றும்போதே கடைகளுக்கு எண் கொடுத்து, பி-யிலும் ஜி-யிலும் பெயருக்குப் பதில் அந்த எண்ணையே போட்டோம்.

மொத்தமாகப் பார்த்தால் நாளொன்றுக்கு 340 பாக்கெட்டில் 31 திரும்பி வருகிறது. நூற்றுக்கு மூன்று நான்கு இல்லை, ஒன்பது. அதைவிடப் பெரிய விஷயம் அது பரவிக் கிடக்கவில்லை என்பது. 11 கடைகள் நாளுக்கு 70 பாக்கெட் எடுத்து 19 திருப்புகின்றன. மற்ற 51 கடைகள் 270 எடுத்து 12 மட்டும் திருப்புகின்றன. ஒரு பக்கம் நூற்றுக்கு 27, இன்னொரு பக்கம் நாலரைக்கும் கீழே.

இங்கே நான் அவசரப்பட்டேன். "மாவு சீக்கிரம் புளிக்கிறது, அரைவையில் அல்லது குளிரூட்டலில் பலவீனம்" என்று ஸ்லைடில் எழுதிவிட்டேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே குண்டான்ல எடுத்த மாவுதானுங்க எல்லாக் கடைக்கும் போகுது. அப்புறம் எப்படி அந்தப் பதினோரு கடையில மட்டும் புளிக்கும்?" என்று கேட்டார். சரியான கேள்வி. பொருளில் கோளாறு என்றால் ரிட்டர்ன் எல்லாக் கடைகளிலும் ஓரளவு சமமாக ஏறியிருக்க வேண்டும். சில கடைகளில் மட்டும் குவிந்தால் காரணமும் அந்தக் கடைகளில்தான் இருக்கும்.

மறுநாள் காலை ஆறரைக்கு அண்ணனோடு வண்டியில் போனேன். 11 கடைகளில் 8 கடைகள் இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகின்றன. கரண்ட் பில்லுக்குப் பயந்துதான். காலையில் திறக்கும்போது பாக்கெட் உப்பி, மேல்பக்கம் விறைத்து நிற்கிறது. கையில் அழுத்தினாலே தெரிந்துவிடும். மாவுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் மந்தமாக இருக்கும். எட்டு மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்தால் அவை மறுபடி வேலையைத் தொடங்கி வாயுவை விடும். மற்ற மூன்று கடைகளில் ஃபிரிட்ஜ் சரியாகவே ஓடியது. அவர்கள் விற்கிற அளவைவிடக் கூடுதலாக வாங்கி வைத்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் கழிகிறது என்னும்போது கூடுதலாக வாங்குவதில் அவர்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில் மகனுக்குக் குழப்பம். கடைக்காரர் ஃபிரிட்ஜை அணைப்பது நமக்கு வெளியே நடப்பது, அப்படியானால் அச்சுறுத்தலா? நான் பயன்படுத்தும் சோதனை எளிது. நாளைக்கே நம் யூனிட்டை மூடிவிட்டால் அந்த விஷயம் அப்படியே இருக்குமா என்று கேட்டுப் பார்ப்பேன். இருக்கும் என்றால் அது வெளிவிஷயம், வாய்ப்பிலோ அச்சுறுத்தலிலோ சேரும். நம்மோடு சேர்ந்து போய்விடும் என்றால் உள்விஷயம். கடைக்காரரின் ஃபிரிட்ஜ் பழக்கம் நாம் இல்லாவிட்டாலும் இருக்கும். ஆனால் ஃபிரிட்ஜ் அணைக்கிற கடைக்கும் அணைக்காத கடைக்கும் ஒரே ரிட்டர்ன் விதி வைத்திருப்பது நாம். கடைவாரியாகக் கணக்கு வைக்காததும் நாம். அதனால் பலவீனம் என்ற கட்டத்தில் அந்த விதியை எழுதினோம். நம் கையில் இருக்கிற பகுதியை எழுதினால்தான் அதை மாற்ற முடியும்.

பிறகு பணமாக்கிப் பார்த்தோம். கடைக்கு ஒரு பாக்கெட் 38 ரூபாய். அரிசி, உளுந்து, கவர், கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு ஆகும் செலவு 27. அந்த 11 கடைகளுக்கு 70 பாக்கெட் செய்ய 1,890 ரூபாய் ஆகிறது. விற்பது 51, வரும் பணம் 1,938. நாளொன்றுக்கு மிஞ்சுவது 48 ரூபாய், அதுவும் டீசல் போடுவதற்கு முன்னால். மற்ற 51 கடைகளில் இதே கணக்குக்கு 2,514 ரூபாய் நிற்கிறது. இந்த 48-ஐப் பார்த்ததும் அண்ணன் கால்குலேட்டரை வாங்கித் தானே இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

பலம் பக்கம் வருவோம். காலை மாலை டெலிவரி என்ற வரி தேறியதற்குக் காரணம், அந்த வட்டாரத்தில் மாலை நாலு மணிக்கு இரண்டாவது முறை புது மாவு போடுகிறவர் வேறு யாரும் இல்லை. 62-ல் 23 கடைகள் மாலைச் சரக்கு எடுக்கின்றன. அவற்றில் ரிட்டர்ன் நூற்றுக்கு மூன்று கூட இல்லை, 140 பாக்கெட்டில் 4. மகன் உடனே "மாலை டெலிவரியால் ரிட்டர்ன் குறைகிறது" என்று எழுதப் போனான். நிறுத்தச் சொன்னேன். நன்றாக விற்கிற கடைதான் மாலையிலும் மாவு கேட்கும். நன்றாக விற்கிற கடையில் ரிட்டர்ன் இயல்பாகவே குறைவாக இருக்கும். மாலை டெலிவரி காரணமா, விற்பனை காரணமா என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

வேறு ஆதாரம் வேண்டியிருந்தது. அது ஒரு கெட்ட வாரத்திலிருந்து கிடைத்தது. ஜூன் மாதம் வண்டி கிளட்ச் போய் 9 நாள் மாலை ட்ரிப் நின்றுபோனது. காலையில் மட்டும் வாடகை வண்டியில் போட்டார்கள். அந்த 9 நாளில் இந்த 23 கடைகள் எடுத்தது நாளுக்கு 112 பாக்கெட், வழக்கமான 140 இல்லை. காலையிலேயே கூடுதலாக வாங்கிக்கொள்ளச் சொல்லியும் வாங்கவில்லை. வண்டி வந்ததும் இரண்டு வாரத்தில் பழைய எண்ணிக்கை திரும்பியது. ஆக, மாலை ட்ரிப் கொண்டுவருவது நாளுக்கு 28 பாக்கெட். இப்படி ஒரு விஷயம் தற்செயலாக நின்றுபோன நாட்கள் எந்தத் தொழிலிலும் இருக்கும். பலம் என்று எதைச் சொல்கிறோமோ அது இல்லாத நாளில் என்ன குறைந்தது என்று தேடினால் நம்பத்தக்க எண் கிடைக்கும்.

பணம் வரத் தாமதம் என்ற வரி சீக்கிரம் முடிந்தது. கடைகள் கைக்குக் கை கொடுத்துவிடுகின்றன, ஹோட்டல்கள் வாரம் ஒரு முறை. தாமதம் முழுக்க அந்த ஒரே ஹாஸ்டல் மெஸ்தான். தினம் 45 கிலோ, கிலோ 32 ரூபாய், பணம் வரச் சராசரியாக 52 நாள். பெருக்கினால் எப்போதும் சுமார் 75 ஆயிரம் அங்கே நிற்கிறது. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை. உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறுந்தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் சொல்கிறது. இவர்களிடம் பதிவு இருந்தது, ஆனால் பில்லில் அந்த எண்ணை அச்சடிக்கவே இல்லை.

வாய்ப்பு என்ற கட்டத்தில்தான் வெறும் ஆசைகள் அதிகம் வந்து உட்காரும். ஆன்லைன் விற்பனை என்ற வரிக்கு நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. ராகி மாவு? ஒரு கடைக்காரர் ஒரு முறை கேட்டார். அப்புறம் பி.ஜி. ஹாஸ்டல்கள் பற்றிக் கேட்டபோது அக்கா போனை எடுத்துக் காட்டினார். சரவணம்பட்டி பக்கம் ஐ.டி. கம்பெனிகளை நம்பி நடக்கும் ஐந்து பி.ஜி.க்கள், கடந்த மூன்று மாதத்தில் தாங்களாகவே வாட்ஸாப்பில் கேட்டிருக்கின்றன. எல்லாம் சேர்த்து நாளுக்கு 70 கிலோ, காலை ஐந்தரைக்குள் வேண்டும். இது வாய்ப்பு. வெளியே இருக்கிறது, நாம் கேட்காமலே வந்திருக்கிறது, அளவும் நேரமும் தெரிகிறது. "புதிய ஏரியாக்களில் விரிவாக்கம்" என்று எழுதியிருந்தது நாம் செய்ய நினைக்கிற செயல். செயலை வாய்ப்பு என்று எழுதிவிட்டால் அதற்குக் கேட்பாரே இல்லை என்பது தெரியாமல் போய்விடும்.

கிரைண்டர் வாங்கும் யோசனையே இந்த 70 கிலோவுக்காகத்தான். இங்கே இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தோம். வாளி மாவில் கிலோவுக்கு 5 ரூபாய்தான் நிற்கிறது. 70 கிலோவுக்கு நாளுக்கு 350, மாதத்துக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு. 6 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 13 ஆயிரம். அதோடு இன்னொன்று. இவர்களின் மின் இணைப்புப் பளு இப்போது 9.5 கிலோவாட். புதுச் சாமான்கள் 3.7 கிலோவாட். தமிழ்நாட்டில் குறுந்தொழிலுக்கான மின்கட்டணப் பட்டியல் 12 கிலோவாட் வரைதான். தாண்டினால் தொழிற்சாலைகளுக்கான பட்டியலுக்குப் போக வேண்டும், அது கூடுதல். கிரைண்டர் விற்பவரின் கொட்டேஷனில் இதெல்லாம் இருக்காது.

அப்போது மகன்தான் சொன்னான். "எழுபது கிலோவுக்கு மெஷின் தேடறோம். தினம் முப்பத்தொரு கிலோ திரும்பி வருது." எனக்கு அந்த நிமிடம் ஸ்லைடு முடிந்துவிட்டதாகத் தோன்றியது. தனித்தனிக் கட்டத்தில் கிடந்த இரண்டு வரிகள் அவன் வாயில் ஒன்றாகச் சேர்ந்தன.

அச்சுறுத்தலில் போட்டி என்பதை எடுத்துவிட்டோம், பெரிய கம்பெனி ஃபிரிட்ஜ் நின்றது. ஒரு பெரிய மாவு பிராண்ட், தன் பெயர் போட்ட கண்ணாடி ஃபிரிட்ஜை இலவசமாகக் கடைகளில் வைக்கிறது. அதில் அவர்கள் சரக்கை மட்டும்தான் வைக்க வேண்டும். ஆறு மாதத்தில் நம் 62 கடைகளில் 14-ல் வந்துவிட்டது. அந்த 14 கடைகளில் நம் பாக்கெட் 86-லிருந்து 64 ஆகியிருக்கிறது.

விலைவாசி உயர்வை உளுந்தாக மாற்றினோம். 420 கிலோ மாவுக்குத் தினம் சுமார் 36 கிலோ உளுந்து. நம் நாட்டு உளுந்துச் சந்தை மியான்மர் இறக்குமதியையும் நம்பி இருக்கிறது. விலை ஏறி இறங்குவது இவர்கள் பில்களிலேயே தெரிகிறது. கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் நாளுக்கு 720 ரூபாய், ஒரு கிலோ மாவுக்கு 1 ரூபாய் 70 காசு. பாக்கெட்டில் தாங்கிக்கொள்ளலாம். வாளி மாவில் நிற்கிற 5 ரூபாய் 3.30 ஆகிவிடும். ஆகவே இந்த வரி கிரைண்டர் கேள்வியை நேராகத் தொடுகிறது. தொடாமல் இருந்திருந்தால், எவ்வளவு உண்மையாக இருந்தாலும் இந்த ஸ்லைடில் அதற்கு இடம் கொடுத்திருக்க மாட்டேன்.

கடைசியில் ஸ்லைடு இப்படி நின்றது.

6 லட்சத்துக்கு கிரைண்டர் இந்த வருடம் வாங்கலாமா?

பலம்: மாலை 4 மணி ட்ரிப் நம்மிடம் மட்டும். நின்ற 9 நாளில் 23 கடைகளில் நாளுக்கு 28 பாக்கெட் குறைந்தது.

பலவீனம்: எல்லாக் கடைக்கும் ஒரே ரிட்டர்ன் விதி. 11 கடைகளில் 70-க்கு 19 திரும்புகிறது, மிச்சம் நாளுக்கு ரூ.48.
மெஸ் பணம் வர 52 நாள், எப்போதும் ரூ.75,000 வெளியே.

வாய்ப்பு: 5 பி.ஜி.க்கள் தாங்களாகக் கேட்டவை, நாளுக்கு 70 கிலோ, காலை 5.30-க்குள்.

அச்சுறுத்தல்: இலவச ஃபிரிட்ஜ் 14 கடைகளில். நம் பாக்கெட் 86-லிருந்து 64.
உளுந்து ரூ.20 ஏறினால் வாளி மாவில் நிற்பது ரூ.5-லிருந்து ரூ.3.30.

கட்டங்கள் சம அளவில் இல்லை. பலத்தில் ஒரே வரி இருப்பதைப் பார்த்து மகனுக்குச் சங்கடம், இன்னொன்று சேர்க்கலாமா என்றான். கட்டத்தை நிரப்புவதற்காக எழுதிய வரிகள்தான் முதல் ஸ்லைடில் 17 இருந்தன. கீழே சின்ன எழுத்தில் "ஜூலை 28 நாள் பில், ஜூன் வண்டி ரிப்பேர் நாட்கள், வாட்ஸாப் விசாரணை" என்று எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை மட்டும் போட்டோம். ஜூலை எண்ணை வைத்துச் சித்திரை வெயிலின் ரிட்டர்னைச் சொல்ல முடியாது. அதனால் மாதத்தின் பெயர் அங்கே இருந்தாக வேண்டும்.

பெரியண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எண்ணைப் பார்த்ததும் பேச்சு அங்கேயே போனது. "அந்தப் பதினோரு கடையையும் விட்டுட்டா என்ன?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. நாளுக்கு 48 ரூபாய்தான் போகும், 70 கிலோ அரைவை மிச்சமாகும். ஆனால் அண்ணன் மறுத்தார். அதில் நாலு கடை போகிற வழியிலேயே இருக்கிறது, விட்டால் பெரிய பிராண்டுக்குப் போய்விடும் என்றார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். தரம், நம்பிக்கை, விரிவாக்கம் என்ற வார்த்தைகள் ஒரு முறை கூட வரவில்லை.

முடிவு இது. கிரைண்டர் ஆறு மாதம் தள்ளி. 11 கடைகளுக்கும் புது விதி: அனுப்புகிற பத்துப் பாக்கெட்டில் ஒன்றுக்குத்தான் முழு ரிட்டர்ன், அதற்கு மேல் பாதி விலை. பி.ஜி.க்களில் வாரம் ஒரு முறை பணம் தர ஒத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் மாவு. மெஸ்ஸுக்கு ஒரு பக்க ஒப்பந்தம், பில்லில் உத்யம் எண்.

எட்டு வாரம் கழித்துப் போனேன். 11 கடைகளில் ஆறு, வாங்கும் அளவைக் குறைத்துக்கொண்டன. மூன்று கடைகள் இரவில் ஃபிரிட்ஜை ஓட விடுகின்றன. இரண்டு கடைகள் கோபித்துக்கொண்டு விலகிவிட்டன. மொத்த ரிட்டர்ன் 31-லிருந்து 17 ஆகியிருந்தது. மூன்று பி.ஜி.க்கள் சேர்ந்து நாளுக்கு 40 கிலோ எடுக்கின்றன, பழைய கிரைண்டரிலேயே. மெஸ் இன்னும் 40 நாளுக்குக் குறையவில்லை.

ஸ்லைடில் ஒரு வரி தவறு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இலவச ஃபிரிட்ஜ் வந்த 14 கடைகளில் நம் விற்பனை குறைந்தது என்று எழுதியிருந்தோம். ஃபிரிட்ஜ் வந்த தேதியையும் விற்பனை இறங்கத் தொடங்கிய தேதியையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. மகன் பார்த்திருக்கிறான். நான்கு கடைகளில் ஃபிரிட்ஜ் வருவதற்கு மூன்று வாரம் முன்பே இறங்கியிருக்கிறது. அந்த நான்கும் ஒரே தெரு. வண்டியின் வழியை மாற்றியபோது அந்தத் தெருவுக்கு மாவு ஆறரைக்குப் பதில் ஏழே முக்காலுக்குப் போக ஆரம்பித்திருக்கிறது. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் அதற்குள் வேறு மாவு வாங்கிவிடுகிறார்கள். அந்த நான்கு கடைகளைப் பொறுத்தவரை அது அச்சுறுத்தல் இல்லை, நம் பலவீனம்.

அந்த வரியில் 14-ஐ அடித்து 10 என்று எழுதினான். பலவீனத்தில் "ஒரு தெருவுக்கு 7.45 டெலிவரி, 4 கடை" என்று சேர்த்தான். திங்கட்கிழமையிலிருந்து அந்தத் தெருவுக்கு முதலில் போவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். மாவு நேரத்துக்கு வந்தால் பாக்கெட் எண்ணிக்கை திரும்புகிறதா என்று இரண்டு வாரம் பில்லைப் பார்க்க வேண்டும்.